நம்ம தியேட்டருக்குத் தொண்ணூறுதான் நூறு

அவளை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் சதவீத அக்காதான். வீட்டுக்காரர்கூட சாப்பிட்டு எழுந்திரிக்கும்போது, "இன்னைக்கு சமையல் எழுபத்தஞ்சு சதவீதம்மா, உப்பு கொஞ்சம் தூக்கல்" என்பார். அவரோ லேத்துப் பட்டறைக்காரர், எதையும் அளக்காமல் விடமாட்டார். இவளோ கணக்குக்காரி. நல்ல ஜோடிதான் போங்கள்!

அவளுக்கு இந்தப் பட்டம் வந்ததற்குக் காரணம் டி.சி.ஆர். தியேட்டர்க்காரர்கள் தினசரி வசூல் அறிக்கையை அப்படித்தான் சொல்வார்கள். இருபது வயதில் டார்ச் லைட் அடித்து ஆட்களை உட்காரவைக்க வந்தவள், பிறகு கவுண்ட்டரில் டிக்கெட் கிழித்தாள். இந்தப் பன்னிரண்டு வருஷமாக டி.சி.ஆர். எழுதுகிறாள். காட்சி தொடங்கும்போது டிக்கெட் புத்தகத்தில் இருந்த நம்பர், முடியும்போது இருந்த நம்பர், ரெண்டுக்கும் நடுவில் விற்றது எவ்வளவு, ஆன்லைனில் விற்றது எவ்வளவு, மாடி எத்தனை, கீழே எத்தனை, மொத்த வசூல், வரி போக மிச்சம், அதில் விநியோகஸ்தர் பங்கு. கடைசிக் கட்டத்தில், இருக்கைகள் எத்தனை சதவீதம் நிரம்பின என்ற எண். நாலு காட்சிக்கும் நாலு எண், நாளுக்கு ஒன்று. கடைசிக் காட்சிக்குக் கவுண்ட்டரை மூடியதும் அவள் இதை முதலாளிக்கும் விநியோகஸ்தர் அலுவலகத்துக்கும் போனில் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காய்ச்சல் வந்த நாளில்கூட அனுப்பியிருக்கிறாள், அன்றைக்குக் கூட்டல்கூடச் சரியாக இருந்தது.

நல்ல படம் வந்தால் அந்த எண் முப்பதைத் தாண்டும். மற்ற நாட்களில் பத்து, பன்னிரண்டு. ஒரு தடவை நாலு பேருக்காகப் படம் ஓடியது, ஒரு சதவீதம் என்று எழுதினாள். "ஒண்ணுன்னு எழுதறதுக்குப் பதிலா ஓட்டலைன்னு எழுதியிருக்கலாமே" என்றார் முதலாளி. "காசு குடுத்து வந்தவங்க நாலு பேர் இருந்தாங்களே சார்" என்றாள். அவ்வளவு பிடிவாதம்.

முதலாளி தன் அப்பா கட்டிய தியேட்டரை அப்படியே வைத்திருந்தவர். நல்ல மனுஷன், ஆனால் காசு என்றால் கைநடுக்கம். பக்கத்தில் பெரிய காம்ப்ளக்ஸ் ஒன்று வந்து ஆறு திரையோடு உட்கார்ந்துகொண்டபிறகு புதுப்படம் எல்லாம் அங்கேதான் போனது. இவருடைய ஒற்றைத் திரை ஈ ஓட்டியது. இந்த வருஷம் நாற்காலிக் கடைக்காரர் ஒருவர் வந்து, "இடத்தை எனக்குக் குடோனுக்குக் குடுங்க, மாசாமாசம் வாடகை கைமேல" என்றார். முதலாளி, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அந்த யோசனையில் அவள் வேலையும், படம் ஓட்டும் ஆபரேட்டர் வேலையும் தொங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அந்தச் சின்னப் படம் வந்தது. பெரிய நடிகர் யாரும் இல்லை. ஒரு துணி வெளுக்கும் கடைக்காரரும் அவர் மச்சினியும் ஓயாமல் சண்டை போடும் ரெண்டு மணி நேரக் கதை. காம்ப்ளக்ஸ்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கே வந்தது. வந்த முதல் வாரம் பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்து, போன் பண்ணி அத்தையையும் சித்தியையும் வரவழைத்தார்கள். இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெண்டு காட்சிக்கும் ஹவுஸ்ஃபுல் போர்டு வைத்தார்கள். பழைய போர்டைத் தேடி எடுக்கவே ஆபரேட்டருக்கு அரை மணி நேரம் ஆனது.

அன்றைக்கு அறிக்கையைப் பார்த்து முதலாளி கேட்டார்: "ஏம்மா, ஹவுஸ்ஃபுல் போர்டு வெச்சோம். தொண்ணூறுன்னு எழுதியிருக்கியே?"

"நம்ம தியேட்டருக்குத் தொண்ணூறுதானே சார் நூறு!"

முதலாளியும் சிரித்துவிட்டார். அது அந்த இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. லைசென்ஸில் நானூறு இருக்கை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மழையில் இடது மூலைக் கூரை ஒழுகி நாற்காலிகள் ஊறிப்போனதால் அவற்றைக் கழற்றிப் போட்டு, அந்தப் பக்கத்து நாற்பது இடத்தையும் விற்பதை நிறுத்திவிட்டார்கள். ஆன்லைன் இருக்கை வரைபடத்தில் அவை சாம்பல் நிறமாக இருக்கும், யாரும் தொட முடியாது. ஆனால் அறிக்கையில் வகுக்கிற எண் மட்டும் நானூறாகவே நின்றுவிட்டது. முந்நூற்று அறுபது பேர் வந்து ஆணி அடித்தாற்போல உட்கார்ந்தாலும் தொண்ணூறுக்கு மேல் ஏறாது. வருகிறவர்களே இல்லாத காலத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை.

படம் பேச்சாகிவிட்டதும் காம்ப்ளக்ஸ்காரர்களுக்கு ஆசை வந்தது. தங்களுக்கு மட்டும் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். விநியோகஸ்தருக்கும் வாயில் நீர் ஊறியது. ஆனால் இந்தத் தியேட்டரோடு ஒரு ஒப்பந்தம் இருந்தது: வெள்ளி முதல் வியாழன் வரை உள்ள வாரத்தில் பாதி நிரம்பினால் படம் அடுத்த வாரமும் இங்கேதான். நிரம்பாவிட்டால் அவர் எடுத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை ராத்திரி கணக்கு முடிந்தது. வெள்ளி எழுநூற்று இருபது பேர், சனி ஆயிரத்து நாற்பது, ஞாயிறு ஆயிரத்து இருநூற்று அறுபது. அப்புறம் சரிவு: திங்கள் ஐநூற்று இருபது, செவ்வாய் நானூற்று எண்பது, புதன் நானூற்று அறுபது. ஆறு நாளில் நாலாயிரத்து நானூற்று எண்பது பேர். வாரத்துக்கு இருபத்தெட்டுக் காட்சி, காட்சிக்கு நானூறு என்றால் பாதி ஐயாயிரத்து அறுநூறு. இன்னும் ஆயிரத்து நூற்று இருபது பேர் வேண்டும், வேலைநாளில், ஒரே நாளில். நடக்கிற காரியமா?

விநியோகஸ்தர் அனுப்பும் ஆளை எல்லாரும் ரெப் என்பார்கள். அவர் போனில் சுருக்கமாகச் சொன்னார்: "அக்கா, நாளைக்குக் கடைசி. மூட்டை கட்டிக்கலாம்."

முதலாளி யோசனையை முடித்துவிட்டார். நாற்காலிக் கடைக்காரரைக் கூப்பிட்டு இடத்தை அளந்துகொள்ளச் சொன்னார். மறுநாள் காலை எட்டரைக்கே அவர் அளவு நாடாவோடு வந்து நின்றார். அவள் பின்னாலேயே போனாள். யாரோ தன் வீட்டுக்குள் செருப்போடு நடப்பதுபோல அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த மனுஷன் இடது மூலைக்குப் போய், வெறும் தரையில் போல்ட் ஓட்டைகளைப் பார்த்து, சந்தோஷமாகச் சொன்னார்:

"அட, இந்தப் பக்கம் சீட்டே இல்லையே! நல்லதாப் போச்சு, கழட்டற கூலி மிச்சம்."

அவள் அப்படியே நின்றாள்.

சீட்டே இல்லை. இல்லாத சீட்டுக்கு எதற்கு ஆள்? ஐயோ, மூன்று வருஷமாக இதை எழுதிக்கொண்டிருப்பது யார்? நான்தானே! அவள் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடினாள். அலமாரியில் கிடந்த ஒப்பந்தத்தைத் துழாவி எடுத்தாள். "விற்பனைக்கு உள்ள இருக்கைகளில் பாதி" என்று அச்சடித்திருந்தது. லைசென்ஸில் உள்ளவை என்று இல்லை. விற்பனைக்கு உள்ளவை!

"சார்! சார்!" என்று அவள் கத்திய கத்தலில் முதலாளி தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"என்னம்மா, தீயா?"

"முந்நூத்தறுபதால வகுக்கணும் சார்! வாரத்துக்குப் பாதி ஐயாயிரத்து நாப்பதுதான். இன்னைக்கு ஐநூத்தறுபது பேர் வந்தாப் போதும்!"

முதலாளி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அப்புறம், "இத்தனை நாளா இதை ஏன் சொல்லலை?" என்றார்.

"நீங்களும்தானே சிரிச்சீங்க!" என்றாள் அவள்.

ரெப் ஒன்பதரைக்கு வந்து இறங்கினார். கடைசி நாளில் கணக்கை மாற்றுகிறீர்களா என்று முதலில் துள்ளினார். அவள் ஒப்பந்தத்தை நீட்டினாள், ஆன்லைன் வரைபடத்தில் சாம்பல் கட்டங்களைக் காட்டினாள். அவர் நேர்மையான ஆள்தான், ஆனால் கறார். "வார்த்தை சரி. ஆனா நானே எண்ணுவேன். நான் உட்கார முடிஞ்சா அது சீட்டு" என்றார்.

அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோட்டு போட்ட மனுஷன் வரிசை வரிசையாக உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து வந்தார். பாதியில் மூச்சு வாங்கியது. இடது மூலைக்கு வந்தபோது, சுவரை ஒட்டி ஒரு போர்வை தொங்கியது. விலக்கினார். உள்ளே மூன்று நாற்காலி, தரையோடு முடுக்கியபடி, தலையணையோடு. கழட்டாமல் விட்டுவைத்த அதில்தான் ஆபரேட்டர் மதியம் கண்ணயர்வார். ரெப் உட்கார்ந்தார். சாய்ந்தார். திரை நன்றாகத் தெரிந்தது.

"இது சீட்டு இல்லாம என்ன, கட்டிலா?"

ஆபரேட்டர் தரையைப் பார்த்தார். அவள் ஆபரேட்டரைப் பார்த்த பார்வையில் அந்த மனுஷன் எரிந்துபோயிருக்க வேண்டும்.

ஆக, முந்நூற்று அறுபத்துமூன்று. இருபத்தெட்டால் பெருக்கினால் பத்தாயிரத்து நூற்று அறுபத்துநாலு. பாதி ஐயாயிரத்து எண்பத்திரண்டு. வந்தவர்கள் போக இன்னும் அறுநூற்றிரண்டு பேர் வேண்டும்.

"தூங்கினது நீ ஒருத்தன், அதுக்கு நாப்பத்திரண்டு பேரைப் பிடிக்கணும்" என்று அவள் ஆபரேட்டரைக் கிழி கிழியென்று கிழித்தாள். நேற்று வந்தது நானூற்று அறுபது. நாளுக்கு நாள் இறங்குகிற கணக்கு இன்றைக்கு மட்டும் ஏறுமா?

வாசலுக்கு வந்தால் அடுத்த இடி. போஸ்டர்காரர் விடிகாலையிலேயே ஊர் முழுக்கப் படத்தின் போஸ்டர்கள் மேல் குறுக்கே சிவப்புத் தாள் ஒட்டிவிட்டிருந்தார்: இன்றே கடைசி!

"யாரு ஒட்டச் சொன்னா?"

"ஆபரேட்டர்தான் நேத்து படம் போகுதுன்னாரு. போற படத்துக்கு நான் எப்பவும் ஒட்டறதுதானேக்கா?"

மறுபடி ஆபரேட்டர்! அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த மனுஷன் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார்.

ரெப்புக்கு முகம் மாறியது. "கடைசின்னு சொல்லிக் கூட்டம் சேர்க்கறீங்களா? இது ஏமாத்து வேலை."

"கடைசின்னு என்கிட்டச் சொன்னது யாரு சார்?" என்றாள். ரெப் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பத்தரைக் காட்சிக்கு வந்தது தொண்ணூற்றிரண்டு பேர். ரெப் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார். ஒன்றரைக் காட்சிக்கு நூற்றுப் பதினேழு. நேற்றைவிட ஒரு பன்னிரண்டு அதிகம், அவ்வளவுதான். இடையிடையே கவுண்ட்டர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "நிஜமாவே கடைசியா?" என்று கேட்டார்கள். "இன்னும் முடிவாகலைங்க, வர்றவங்களைப் பொறுத்துதான்" என்றாள் அவள். பொய் சொல்ல வரவில்லை. கேட்டவர்கள் சரி என்று வைத்துவிட்டார்கள். வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சரியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நாலரைக் காட்சிக்கு நூற்று நாற்பத்தெட்டு. மொத்தம் முந்நூற்று ஐம்பத்தேழு. கடைசிக் காட்சி ஏழரைக்கு. இருநூற்று நாற்பத்தைந்து பேர் வேண்டும். முந்தின நாள் அதே காட்சிக்கு வந்தது நூற்றைம்பது.

முதலாளி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "மிச்சத்தை நானே வாங்கிடறேம்மா. கிழிச்சுப் போடு."

காசு என்றால் கை நடுங்குகிற மனுஷனா இப்படிச் சொல்கிறார்! அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "வெளியில ரெப் தலை எண்ணறாரு சார். டிக்கெட் போதாது, தலை வேணும்."

"அப்ப என்ன செய்யறது?"

"எனக்குத் தெரியலை சார்" என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக வந்தவர்களை எண்ணத்தான் அவளுக்குத் தெரியும், வரவழைக்கத் தெரியாது.

ஆறரைக்குக் கவுண்ட்டரைத் திறந்தாள். தொடக்க நம்பரைக் குறித்துவைத்தாள். பத்து நிமிஷம் யாரும் இல்லை. ஒரு தாத்தா வந்து ஒரு டிக்கெட் வாங்கினார். அப்புறம் ரெண்டு பேர். ஆறு ஐம்பதுக்கு, ஆன்லைனையும் சேர்த்து, முப்பத்திரண்டு.

ஏழு அடித்ததும் வேலைவிட்ட கூட்டம் தெருவில் திரும்பியது. ஆஸ்பத்திரி நர்சுகள் பதினொரு பேர் சீருடையோடு வந்தார்கள். "கடைசின்னு பார்த்தோம்க்கா, ட்யூட்டி மாத்திக்கிட்டு ஓடி வர்றோம்!" சலவைக் கடைக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள், தங்கள் தொழிலைக் கிண்டல் பண்ணுகிறார்களாமே, பார்த்துவிட வேண்டும் என்று. மச்சினியோடு ஒரு ஆள், மாமியாரோடு ஒரு ஆள். ஏற்கெனவே பார்த்தவர்கள் திரும்ப வந்தார்கள். நூறு. நூற்று நாற்பது. லேத்துப் பட்டறையிலிருந்து கை கழுவாமல் ஒரு கூட்டம், முன்னால் அவள் வீட்டுக்காரர்!

"எத்தனை டிக்கெட்?"

"பத்தொன்பது. பட்டறையே மூடியாச்சு."

"நீங்களுமா?"

"நான் இல்லாமலா? சீக்கிரம் கிழி, பின்னால வரிசை நிக்குது பாரு."

நின்றது. அம்மாடி, எப்படி நின்றது! வாசலைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, தெருமுனை வரைக்கும். கிழித்து நீட்டிய கை ஓயவில்லை. முதலாளியே கவுண்ட்டருக்குள் புகுந்து சில்லறை எடுத்துக் கொடுத்தார். ஏழு இருபத்திரண்டுக்கு இருநூற்று நாற்பத்தைந்தாவது டிக்கெட்டைக் கிழித்தாள். எண்ணிக்கொண்டேதான் இருந்தாள். வாய்விட்டுச் சொல்லப் பயம். "சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் புரிந்துகொண்டு, எதிரே நின்ற ஆளுக்குச் சில்லறையை ரெண்டு தடவை கொடுத்துவிட்டார்.

வரிசை அதோடு நிற்கவில்லை. முந்நூறு. முந்நூற்றைம்பது. முந்நூற்று அறுபதோடு ஆன்லைன், கவுண்ட்டர் ரெண்டிலும் டிக்கெட் தீர்ந்துவிட்டது. வெளியே இன்னும் முப்பது பேர் கூச்சல்.

"மூணு சீட்டு இருக்கு!" என்று மேலேயிருந்து ஒரு குரல். ஆபரேட்டர் போர்வையும் தலையணையுமாக மாடிப்படியில் நின்றார். "துடைச்சு வெச்சுட்டேன்க்கா. குடுங்க, குடுங்க!"

கொடுத்தாள். முந்நூற்று அறுபத்துமூன்று.

விளக்கு அணைந்தது. உள்ளே முதல் சிரிப்பு வெடித்தது. சுவரே அதிர்ந்தது. அவள் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தொடக்க நம்பர், முடிவு நம்பர், ஆன்லைன். நாளுக்கு எழுநூற்று இருபது. வாரத்துக்கு ஐயாயிரத்து இருநூறு. கடைசிக் கட்டத்தில் ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. எண் கோணலாக விழுந்தது. அடித்துவிட்டு இன்னொரு தாளில் திருத்தமாக எழுதினாள்.

ரெப் தன் எண்ணிக்கையோடு ஒத்துப்பார்த்தார். ரெண்டு தடவை பார்த்தார். அப்புறம் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "படம் இங்கேயே சார். அடுத்த வாரத்துச் சாவியை அனுப்பச் சொல்லுங்க" என்றார். டிஜிட்டல் படம், வாரா வாரம் சாவி வந்தால்தான் திறக்கும். போனை வைத்துவிட்டு, "அக்கா, நின்னுக்கிட்டாவது பாட்டுவரைக்கும் பாத்துட்டுப் போறேன், ஆட்சேபணை இல்லையே?" என்றார்.

"டிக்கெட் இல்லாம உள்ள விட்டா உங்க ரெப் கேப்பாரு சார்" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. மேஜைமேல் அவர் போன் அடித்தது. நாற்காலிக் கடைக்காரர். முதலாளி எடுத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனை அவள் பக்கம் நீட்டினார்.

"நீ சொல்லும்மா."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். "சொல்லுங்கண்ணே."

"சனிக்கிழமை சாமானை இறக்கலாமான்னு கேக்கத்தான்மா போட்டேன். அங்க என்ன அவ்வளவு சத்தம்?"

உள்ளே மறுபடி முந்நூற்று அறுபத்துமூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அண்ணே," என்றாள், "இடம் காலி இல்லை."